பை போனது… படங்கள் திரும்பின!
தொலைந்த லேப்டாப்பின் கோப்புகளைத் தேடிய மூன்று இரவுகள்

*கிளவுட், மின்னஞ்சல், பிரவுசர், வாட்ஸ்அப்… எங்கே எந்தப் பிரதி கிடைக்கும், எது கிடைக்காது? அம்பத்தூர்ப் பட்டறை ஒன்றில் நடந்த தேடலின் முழு விவரம்.*

ஜூலை மூன்றாம் வாரம், சனிக்கிழமை இரவு பத்தரை மணி இருக்கும். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் லேத் பட்டறை நடத்தும் நண்பர் போன் செய்தார். குரலே சரியில்லை. "தம்பி, லேப்டாப் பை போச்சு. இருபது வருஷ வேலை அதுலதான் இருக்கு" என்றார்.

பாரிமுனைக்குப் போய் பேரிங் வாங்கிக்கொண்டு, சென்ட்ரலில் திருவள்ளூர் மின்சார ரயில் ஏறியிருக்கிறார். பையை மேலே சாமான் தட்டில் வைத்தார். வில்லிவாக்கம் தாண்டும்வரை கண் அதன் மேல் இருந்தது. அம்பத்தூர் வந்ததும் கையில் பேரிங் மூட்டையோடு இறங்கிவிட்டார். பை ரயிலோடு போய்விட்டது. 139-க்கு அடித்துச் சொன்னார். திருவள்ளூரில் வண்டி நின்றபோது தட்டு காலி.

அவர் செய்வது ஜிக், ஃபிக்ஸ்சர் வேலை. பெரிய கம்பெனிகள் ஒரு பாகத்தைத் துளையிடும்போதோ, வெல்டிங் செய்யும்போதோ அதை அசையாமல் பிடித்துக்கொள்ளும் சாதனங்களை வடிவமைத்துக் கொடுப்பார். லேத்தும் மில்லிங் மெஷினும் பட்டறையில் பத்திரமாக இருந்தன. அவற்றில் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லும் படங்கள்தான் பையோடு போயின. "பேக்கப் எதுவும் இல்லை" என்று அவர் உறுதியாகச் சொன்னார். மூன்று இரவுகள் கழித்துப் பார்த்தால், அது பாதிதான் உண்மை. பேக்கப் என்று அவர் எதையும் எடுத்து வைக்கவில்லை. ஆனால் இருபது வருடமாக அவர் தொழில் செய்திருக்கிறார். தொழில் என்றால் கோப்பு கை மாறும். கை மாறிய ஒவ்வொரு இடத்திலும் ஒரு பிரதி தங்கியிருந்தது.

அந்த மூன்று இரவுகளும் எனக்குக் கற்றுக்கொடுத்ததை அப்படியே எழுதுகிறேன். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்தில் ஒற்றை லேப்டாப்பை நம்பித் தொழில் நடத்துகிறவர்கள் ஏராளம். அவர்களில் ஒருவருக்காவது இது ஒரு நாள் தேவைப்படும்.

முதல் ஒரு மணி நேரம்: கதவைச் சாத்துங்கள், எதையும் அழிக்காதீர்கள்

பை போனதும் பலரும் செய்யும் தவறு, பதற்றத்தில் கணக்குகளையே அழிக்கப் பார்ப்பது. திருடன் பார்த்துவிடுவானே என்று கிளவுடில் இருக்கும் கோப்புகளை நீக்குகிறார்கள். மிச்சமிருக்கும் ஒரே பிரதி அதுவாக இருக்கலாம்.

நாங்கள் செய்தது இதுதான். அவருடைய போனிலிருந்தே கூகுள் கணக்கின் பாஸ்வேர்டை மாற்றினோம். myaccount.google.com/device-activity பக்கத்தில் அந்த லேப்டாப்பைத் தேர்ந்தெடுத்து வெளியேற்றினோம். மைக்ரோசாஃப்ட் கணக்கிலும் பாஸ்வேர்டை மாற்றி, எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறும் வசதியை அழுத்தினோம். அது முழுமையாக நடக்க 24 மணி நேரம் வரை ஆகலாம் என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். வாட்ஸ்அப்பில் இணைக்கப்பட்ட சாதனங்களின் பட்டியலைத் திறந்து, பட்டறை லேப்டாப்பை நீக்கினோம். சிம் அவர் கையில் இருந்ததால் ஓடிபி எல்லாம் அவருக்கே வந்தது. போனும் பையோடு போயிருந்தால் இந்த வேலை இத்தனை சுலபமாக இருந்திருக்காது.

இங்கே ஒரு சந்தேகம் எல்லோருக்கும் வரும். எடுத்தவன் லேப்டாப்பை ஃபார்மட் செய்தால் கிளவுடில் இருப்பதும் அழிந்துவிடுமா? அழியாது. கோப்புகளைக் கிளவுடோடு ஒத்திசைக்கும் மென்பொருளும் அந்த ஃபார்மட்டில் சேர்ந்தே போய்விடுகிறது. "இது நீக்கப்பட்டது" என்று மேலே தகவல் சொல்ல ஆள் இல்லை. ஆபத்து வேறு விதத்தில் வரும். லேப்டாப் திறந்த நிலையில், இணையத்தோடு இருக்கும்போது, ஃபோல்டரிலிருந்து ஒருவர் கோப்புகளை நீக்கினால் அந்த நீக்கம் கிளவுடுக்கும் போய்ச் சேரும். அப்போதும் அவை உடனே மறைவதில்லை, குப்பைத்தொட்டியில் விழுகின்றன. கூகுள் டிரைவில் 30 நாள், ஒன்டிரைவின் தனிநபர் கணக்கில் 30 நாள், அலுவலக அல்லது கல்லூரிக் கணக்கில் 93 நாள் அங்கே இருக்கும். அதனால் முதல் நாளும் மறுநாளும் இரண்டு குப்பைத்தொட்டிகளையும் திறந்து பார்த்தோம். நல்லவேளை, புதிதாக எதுவும் விழவில்லை.

பையில் இன்னொரு பொருளும் இருந்தது: டெண்டர் போடுவதற்காக வாங்கிய டிஜிட்டல் கையெழுத்து டோக்கன். பார்க்க பென் டிரைவ் மாதிரி இருப்பதால் பலர் அதை மறந்துவிடுகிறார்கள். அதன் ரகசியச் சாவி பிறர் கைக்குப் போயிருக்கலாம் என்றால், சான்றிதழ் கொடுத்த அமைப்புக்குத் தாமதமின்றித் தெரிவிக்க வேண்டும் என்று தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-இன் 42-ஆம் பிரிவு சொல்கிறது. ஞாயிறு காலை முதல் வேலையாக அதை ரத்து செய்யச் சொல்லி அனுப்பினோம்.

பில் புத்தகத்தின் பின்பக்கம்

தேடலை எங்கே தொடங்குவது? நேராக ஜிமெயிலைத் திறந்து கண்ணில் பட்டதை எல்லாம் இறக்கினால், நான்கு மணி நேரம் கழித்து என்ன கிடைத்தது, என்ன கிடைக்கவில்லை என்றே தெரியாது. அதனால் முதலில் கணினியையே தொடவில்லை. பழைய பில் புத்தகம் ஒன்றின் பின்பக்கத்தில் நான்கு கட்டம் போட்டோம்: என்ன கோப்பு, யாருக்காகச் செய்தது, கடைசியாக யாருக்கு அனுப்பியது, எந்த வழியாக.

"எல்லாம் போச்சு" என்று சொல்லிக்கொண்டிருந்தவர் எழுத ஆரம்பித்ததும் அமைதியானார். இப்போதும் உயிரோடு இருக்கும் வேலைகள், மறு ஆர்டர் வரக்கூடிய வேலைகள் என்று பார்த்தால் நாற்பது. இருபது வருடத்தின் பாரம் நாற்பது வரிகளில் அடங்கியது. ஒவ்வொரு வரியிலும் நான்காம் கட்டம் பேசியது. "இது மெயில்ல போச்சு." "இது பர்ச்சேஸ் மேனேஜருக்கு வாட்ஸ்அப்ல போட்டேன்." "இது யாருக்கும் அனுப்பல, நேரா மெஷின்ல ஓட்டிட்டேன்." கடைசி வகைதான் கவலைக்குரியது என்று அப்போதே புரிந்துவிட்டது.

ஒன்டிரைவ்: எந்தத் தேதியில் நின்றது?

"எனக்குக் கிளவுட் எல்லாம் கிடையாது தம்பி" என்றார். அவருடைய லேப்டாப் விண்டோஸ் 11. வாங்கிய அன்று கடைக்காரப் பையன் ஒரு மைக்ரோசாஃப்ட் கணக்கு உருவாக்கிக் கொடுத்திருக்கிறான். அப்படித் தொடங்கும் கணினிகளில் டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ் ஆகிய மூன்று ஃபோல்டர்களும் ஒன்டிரைவுக்குப் போகும் ஏற்பாடு, உரிமையாளர் கவனிக்காமலே தொடங்கிவிடுவது உண்டு. அவருடைய மகளின் லேப்டாப்பில் onedrive.live.com திறந்து, அந்தக் கணக்கில் நுழைந்தோம். டெஸ்க்டாப் ஃபோல்டர் அங்கே இருந்தது! பட்டறை டெஸ்க்டாப்பில் எங்கெங்கோ சிதறிக் கிடந்த படங்கள் வரிசையாக நின்றன.

சந்தோஷம் ஐந்து நிமிடம்தான். கோப்புகளை மாற்றிய தேதிவாரியாக அடுக்கச் சொன்னேன். எல்லாவற்றிலும் புதிய கோப்பின் தேதி, போன நவம்பர் 11. அதற்குப் பிறகு எட்டு மாதம் ஒன்றுமே இல்லை. இலவசக் கணக்கில் இடம் 5 ஜிபி. நவம்பரில் உறவினர் கல்யாண வீடியோவை பிக்சர்ஸ் ஃபோல்டரில் போட்டிருக்கிறார். இடம் நிரம்பியது, ஒத்திசைவு நின்றது. மூலையில் இருந்த மேகப் படத்தில் எச்சரிக்கைக் குறி வந்திருக்கும். அவர் பார்க்கவில்லை.

ஒரு கிளவுட் கணக்கை நம்பலாமா என்று அறிய இதைவிட எளிய சோதனை எனக்குத் தெரியாது. தேதிவாரியாக அடுக்குங்கள். மேலே நிற்கும் கோப்பின் தேதிதான் உங்கள் பேக்கப் உயிரோடு இருந்த கடைசி நாள்.

கூகுள் டிரைவில் இரண்டு இடங்களைப் பார்க்க வேண்டும். டிரைவ் மென்பொருளைக் கணினியில் நிறுவி, ஏதாவது ஃபோல்டரை ஒத்திசைக்கச் சொல்லியிருந்தால் அது "எனது டிரைவ்" பகுதியில் தெரியாது. இடப்பக்கம் "கம்ப்யூட்டர்ஸ்" என்று தனியாக இருக்கும். பலர் அதைத் திறப்பதே இல்லை. இரண்டாவது, எந்த ஃபோல்டரிலும் சேராமல் அநாதையாக நிற்கும் கோப்புகள். ஃபோல்டரை வேறொருவர் நீக்கிவிட்டால் அதற்குள் நீங்கள் போட்ட கோப்பு இப்படி ஆகும். டிரைவின் தேடல் பெட்டியில் இதை அடித்தால் வெளியே வரும்:

```
is:unorganized owner:me
```

நண்பருக்கு இதில் இரண்டு கொட்டேஷன் கோப்புகள் கிடைத்தன. ஒன்டிரைவிலிருந்து அவருடைய நாற்பதில் ஆறு வேலைகள் முழுமையாக வந்தன.

அனுப்பிய மெயிலில் இருக்கும் பிரதி

இரண்டாம் இரவு முழுவதும் மின்னஞ்சல். எல்லோரும் இன்பாக்ஸைத்தான் தேடுவார்கள். தன் சொந்தக் கோப்பைத் தேடுகிறவர் அனுப்பியவற்றைத் தேட வேண்டும், ஏனென்றால் அவருடைய வேலை அங்கேதான் வெளியே போயிருக்கிறது. ஜிமெயில் தேடல் பெட்டியில் நாங்கள் அடித்தவை இவை:

```
in:sent has:attachment filename:dwg
in:sent has:attachment filename:pdf after:2024/04/01
in:anywhere has:attachment larger:5M
```

முதல் வரி, அனுப்பியவற்றில் ஆட்டோகேட் படம் இணைக்கப்பட்ட மெயில்களை மட்டும் காட்டும். இரண்டாவது, குறிப்பிட்ட தேதிக்குப் பிறகு அனுப்பிய பிடிஎஃப்கள். மூன்றாவது, ஸ்பேமிலும் குப்பைத்தொட்டியிலும் கூடத் தேடும். பழைய ஆவணங்களை இடம் போதவில்லை என்று நீக்குகிறவர்கள் பெரிய மெயில்களைத்தான் முதலில் நீக்குவார்கள். குப்பைத்தொட்டியில் 30 நாள் வரைதான் இருக்கும். இணைப்பு 25 எம்பியைத் தாண்டினால் ஜிமெயில் அதை டிரைவில் ஏற்றி, லிங்க்கை மட்டும் அனுப்பும். அந்த மெயிலை has:attachment காட்டாமல் போகலாம் என்பதால் இதையும் தனியாகத் தேட வேண்டும்:

```
in:sent has:drive
```

ஜிமெயிலில் அவர் அனுப்பிய எல்லாம் கிடைத்தன. அடுத்து கம்பெனிப் பெயரில் உள்ள மெயில். இங்கேதான் அடி விழுந்தது. அந்தக் கணக்கை லேப்டாப்பின் அவுட்லுக்கில் யாரோ பாப் முறையில் இணைத்துக் கொடுத்திருந்தார்கள். ஐமேப் முறை என்றால் மெயில் சர்வரிலேயே இருக்கும், கணினி அதைக் காட்டும் கண்ணாடிபோல வேலை செய்யும். பாப் முறையில் மெயில் கணினிக்கு இறங்கி வந்துவிடும். சர்வரில் ஒரு பிரதியைச் சில நாள் விட்டுவைக்கும்படி அமைத்திருந்தால் மட்டும் அங்கே இருக்கும். அவுட்லுக்கில் அந்த நாள் கணக்கு பொதுவாக 14. அனுப்பிய மெயிலின் பிரதியோ சர்வரில் சேமிக்கப்படுவதே இல்லை, அது கணினியில் மட்டும்தான். ஹோஸ்டிங் நிறுவனத்தின் வெப்மெயிலைத் திறந்தோம். இன்பாக்ஸில் கடைசி இரண்டு வாரம் மட்டும் இருந்தது. அனுப்பியவை காலி.

உங்கள் கம்பெனி மெயில் எந்த முறையில் இருக்கிறது என்று தெரியவில்லையா? போனிலோ வேறு கணினியிலோ வெப்மெயிலைத் திறந்து, அனுப்பியவை ஃபோல்டரைப் பாருங்கள். நேற்று லேப்டாப்பிலிருந்து அனுப்பியது அங்கே இல்லாவிட்டால் பெரும்பாலும் பாப் என்று பொருள்.

அனுப்பிய பக்கம் காலி என்றால், பெற்ற பக்கம் ஒன்று இருக்குமே! திங்கள் காலை, வாடிக்கையாளர் நிறுவனங்களின் பர்ச்சேஸ் பிரிவுகளுக்கு அவரே போன் செய்தார். "சார், லேப்டாப் தொலைஞ்சுடுச்சு. நான் அனுப்பின டிராயிங் எல்லாம் உங்ககிட்ட இருக்கும். கொஞ்சம் திருப்பி அனுப்ப முடியுமா?" என்று கேட்டார். கூடவே, அவர்கள் தேட வேண்டிய வரியையும் வாட்ஸ்அப்பில் அனுப்பினோம்:

```
from:you@example.com has:attachment
```

அந்த மெயில் முகவரியின் இடத்தில் அவருடைய முகவரி இருந்தது. "பழைய படங்களைத் தேடி அனுப்புங்கள்" என்று கேட்டால், வேலைப் பளுவில் இருப்பவர் தள்ளிப்போடுவார். என்ன அடிக்க வேண்டும் என்று கையில் கொடுத்தால் இரண்டு நிமிடத்தில் முடித்துவிடுவார். அன்று மாலைக்குள் நான்கு நிறுவனங்களிலிருந்து படங்கள் வந்துவிட்டன. ஜிமெயிலையும் இதையும் சேர்த்துப் பதினேழு வேலைகள் மின்னஞ்சல் வழியே திரும்பின.

இந்தப் போன் அழைப்புக்கு இன்னொரு அவசியமும் உண்டு. வாடிக்கையாளர் கொடுத்த பாகப் படங்கள் அவர்களுடைய சொத்து. ஆவடியைச் சுற்றியுள்ள பட்டறைகள் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலைகளுக்கும் வேலை செய்கின்றன. அப்படிப்பட்ட படம் ஏதாவது பையில் இருந்தால், பிரதியைக் கேட்பதற்கு முன் தொலைந்த செய்தியைச் சொல்லிவிட வேண்டும். மறைத்துப் பின்னால் தெரியவந்தால் ஆர்டரும் போகும், நம்பிக்கையும் போகும்.

எந்தத் திருத்தம் கடைசித் திருத்தம்?

மின்னஞ்சலில் கிடைத்த பிரதிகளில் ஒரு பொறி இருக்கிறது. ஒரு டிரில் ஜிக்கின் படம் மெயிலில் வந்தது. படத்தின் வலது கீழ் மூலையில் இருக்கும் தலைப்புக் கட்டத்தில் "ரெவ் 1" என்று இருந்தது. நண்பர் தலையாட்டினார். "இதுக்கப்புறம் ரெண்டு தடவை மாத்தியிருக்கேன். இதை வெச்சு ஓட்டினா மொத்தமும் ஸ்கிராப்புதான்."

ஒப்புதலுக்காக முதலில் அனுப்பியதுதான் மெயிலில் இருக்கிறது. பிறகு போனில் பேசி மாற்றியது லேப்டாப்பில் மட்டும் இருந்தது. அவர் எழுந்து பட்டறைக்குள் போனார். மில்லிங் மெஷினுக்குப் பக்கத்துச் சுவரில், எண்ணெய்க் கறை படிந்து, ஓரம் சுருண்ட ஒரு பிரின்ட் அவுட் ஒட்டியிருந்தது. தலைப்புக் கட்டத்தில் "ரெவ் 3". ஒரு துளையின் விட்டம் மட்டும் பென்சிலில் அடித்துத் திருத்தப்பட்டிருந்தது. மெயிலில் வந்த படத்தை அதோடு ஒப்பிட்டு, மாறியிருந்த அளவுகளைத் திருத்தினார். அன்று முதல் மீட்ட ஒவ்வொரு படத்தையும் மூன்று விஷயங்களோடு ஒத்துப் பார்த்தோம்: தலைப்புக் கட்டத்தின் திருத்த எண், பர்ச்சேஸ் ஆர்டரின் தேதி, பட்டறையில் இருக்கும் பிரின்ட். மூன்றும் ஒத்துப்போகாத படம் தனி ஃபோல்டருக்குப் போனது.

சில வேலைகளுக்குப் பிடிஎஃப் மட்டும்தான் கிடைத்தது. ஆட்டோகேட் 2017 பதிப்பிலிருந்து PDFIMPORT என்ற கட்டளை இருக்கிறது. கேட் மென்பொருளிலிருந்தே நேரடியாக உருவாக்கிய பிடிஎஃப் என்றால், அது கோடுகளையும் வட்டங்களையும் திரும்ப எடுத்துக் கொடுக்கும். அளவுக் குறிகள் வெறும் எழுத்தாகவும் கோடாகவும் வரும், மறுபடி போட வேண்டும். அப்படியும் முதலிலிருந்து வரைவதைவிட நேரம் மிச்சம். பிரின்ட் எடுத்து ஸ்கேன் செய்த பிடிஎஃப்பில் இது பலிக்காது. அது ஒரு புகைப்படம், அவ்வளவுதான்.

பிரவுசர் தருவது கோப்பு அல்ல, முகவரி

டவுன்லோட் செய்தவை திரும்பக் கிடைக்குமா என்றால், இல்லை. குரோம் எந்தக் கோப்பையும் கிளவுடுக்கு ஏற்றுவதில்லை. டவுன்லோட் பட்டியல்கூட ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்குப் போவதில்லை. ஆனால் கூகுள் கணக்கோடு ஒத்திசைத்து வைத்திருந்தால், பார்த்த பக்கங்களின் வரலாறு போகும். அவருடைய போனில் குரோமின் ஹிஸ்டரியைத் திறந்தோம். லேப்டாப்பில் அவர் போன பக்கங்கள் அங்கே இருந்தன. குரோம் 90 நாள் வரை இதைக் காட்டும். myactivity.google.com பக்கத்தில், அந்தப் பதிவை நிறுத்தி வைக்காதவர்களுக்கு, அதைவிடப் பழையதும் கிடைக்கலாம்.

அந்தப் பட்டியலைக் கீழே நகர்த்தியபடி, அவர் எங்கெங்கே எதை இறக்கினார் என்று குறித்தோம். ஜிஎஸ்டி தளம், இ-வே பில், வருமான வரித் தளம், வங்கி, ஜெம் தளம், ஒரு வாடிக்கையாளரின் சப்ளையர் போர்ட்டல். இவை எல்லாவற்றிலும் மூலம் இன்னும் அங்கேயே இருக்கிறது. பர்ச்சேஸ் ஆர்டர்களை சப்ளையர் போர்ட்டலிலிருந்தும், வங்கி அறிக்கைகளை வங்கித் தளத்திலிருந்தும் மறுபடி இறக்கினோம். ஆதார், பான், ஓட்டுநர் உரிமம் போன்றவை டிஜிலாக்கரில் கிடைக்கும். பிரவுசர் செய்தது ஒரே உதவிதான்: மறந்துபோன மூல இடங்களை நினைவுபடுத்தியது. அது சிறிய உதவி இல்லை. சப்ளையர் போர்ட்டல் என்று ஒன்று இருந்ததே அவருக்கு ஹிஸ்டரியைப் பார்த்தபின்தான் ஞாபகம் வந்தது.

வாட்ஸ்அப்பில் அனுப்பியவற்றுக்கு ஆண்ட்ராய்டு போனின் ஃபைல் மேனேஜரில் ஒரு தனி இடம் உண்டு:

```
Android/media/com.whatsapp/WhatsApp/Media/WhatsApp Documents
```

அதற்குள் Sent என்ற ஃபோல்டரில் போனிலிருந்து அனுப்பியவை இருக்கும். லேப்டாப் வழியாக அனுப்பியவை அந்தந்த உரையாடலில் தெரியும்; தொட்டால் இறங்கும். மிகப் பழையதாகிவிட்டால் இறங்க மறுக்கும். அப்போது எதிர்முனையில் இருப்பவரை மறுபடி அனுப்பச் சொல்ல வேண்டும். ஒன்பது வேலைகள் இப்படி வந்தன.

டாலி: ஒத்திசைவுக்கு வெளியே நின்ற கணக்கு

மூன்றாம் இரவு கணக்கு வழக்கு. டாலி தன் தரவை டாக்குமென்ட்ஸ் ஃபோல்டரில் வைப்பதில்லை. டாலி பிரைமில் வழக்கமான இடம் இது:

```
C:\Users\Public\TallyPrime\data
```

ஒன்டிரைவ் எடுத்துக்கொள்ளும் மூன்று ஃபோல்டர்களுக்கும் வெளியே இருக்கிறது பாருங்கள். ஒத்திசைவு நிற்காமல் ஓடியிருந்தாலும் டாலி போயிருக்காது. "கிளவுடில் எல்லாம் இருக்கிறது" என்று நிம்மதியாக இருக்கும் பல சிறு நிறுவனங்கள் இதில்தான் ஏமாறுகின்றன.

அவரைக் காப்பாற்றியது ஆடிட்டர். வருடக் கணக்கு முடிக்க மே மாதம் பென் டிரைவில் டாலி பேக்கப் வாங்கிப் போயிருந்தார்கள். மார்ச் 31 வரையிலான கணக்கு அவர்கள் கணினியில் அப்படியே இருந்தது. ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான விற்பனை, அவர் ஏற்கெனவே தாக்கல் செய்த ஜிஎஸ்டிஆர்-1 அறிக்கைகளில் இருந்தது. கொள்முதல் விவரம், விற்றவர்கள் தாக்கல் செய்ததன் அடிப்படையில் தளம் தானே உருவாக்கும் ஜிஎஸ்டிஆர்-2பி அறிக்கையில் இருந்தது. பணம் வந்ததும் போனதும் வங்கி அறிக்கையில். ஜூலை மாத பில்களை டெலிவரி சலானின் கார்பன் பிரதியிலிருந்து எடுத்தார்கள். திரும்பாதது சில்லறைச் செலவுகள்: டீ, ஆட்டோ, கூலிக்குக் கொடுத்த முன்பணம். அது அவர் நினைவில் இருந்த அளவுக்குத்தான்.

மனைவியின் கணினியில் இருந்த சாவி

இந்தத் தேடலின்போது எனக்கு அடிக்கடி ஞாபகம் வந்தவர் மேட் ஹோனன். அமெரிக்காவின் 'வயர்டு' இதழில் எழுதியவர். 2012 ஆகஸ்டில் அவருடைய ஆப்பிள் கணக்கில் புகுந்தவர்கள், ஐபோன், ஐபேட், மேக்புக் மூன்றையும் தொலைவிலிருந்தே அழித்தார்கள். மகளின் குழந்தைப் பருவப் படங்கள் மேக்புக்கில் இருந்தன; பேக்கப் இல்லை. பாஸ்வேர்டுகளைச் சேமித்து வைத்திருந்த கோப்பும் கையில் இல்லை. அந்தக் கோப்பின் பிரதி டிராப்பாக்ஸில் இருந்தது. அந்த டிராப்பாக்ஸ், மனைவியின் கணினியில் திறந்தபடி இருந்தது. அங்கிருந்துதான் அவர் தன் கணக்குகளுக்குள் மீண்டும் நுழைந்தார்.

அதனால் வீட்டில் இருக்கும் மற்றச் சாதனங்களை எல்லாம் மேசையில் வைக்கச் சொன்னேன். பழைய போன், மகளின் லேப்டாப், மாற்றிவிட்டு அலமாரியில் போட்ட பழைய கணினி. அந்தப் பழைய கணினியில் நாங்கள் தேடாத வருடங்களின் படங்கள் சில இருந்தன. ஒத்திசைவு உள்ள சாதனத்தை மட்டும் இணையத்தோடு சேர்ப்பதற்கு முன், அதிலிருக்கும் கோப்புகளைத் தனியாக நகல் எடுத்துவிட்டோம். மேலே நீக்கப்பட்டது ஏதாவது இருந்தால், இணைந்த கணத்தில் இங்கேயும் நீங்கிவிடும்.

காவல் நிலையத்தில் என்ன கொடுப்பது?

2022 ஜனவரி 1 முதல் அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி எல்லாம் ஆவடி மாநகரக் காவல் ஆணையரகத்தின் கீழ் வருகின்றன. சாலையிலோ கடையிலோ பறிபோனால் அந்தந்தக் காவல் நிலையம். ரயிலில் என்றால் ரயில்வே காவல்துறை. இது எங்கள் எல்லை இல்லை என்று சொன்னாலும் புகாரைப் பதிவு செய்து உரிய நிலையத்துக்கு அனுப்ப, 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-ஆம் பிரிவு வழி செய்கிறது.

லேப்டாப்புக்கு செல்போன்போல ஐஎம்இஐ எண் கிடையாது. அதன் அடையாளம் சீரியல் எண்தான். வாங்கிய பில்லிலும் அட்டைப் பெட்டியின் ஸ்டிக்கரிலும் இருக்கும். நண்பர் பெட்டியைப் பரணில் வைத்திருந்தார். புகார் மனுவில் சீரியல் எண், மாடல், ரயில் நேரம், இறங்கிய நிலையம், பையில் இருந்த டோக்கனின் விவரம் எல்லாம் எழுதினார். புகார் ரசீதின் நகல் பின்னால் வாடிக்கையாளர்களிடம் காட்டவும், டோக்கன் மாற்றவும் உதவியது.

கடைசிக் கணக்கு

மூன்று இரவுகளின் முடிவில் பில் புத்தகத்தின் பின்பக்கம் இப்படி இருந்தது. நாற்பது வேலைகளில் மின்னஞ்சல் வழியே பதினேழு, வாட்ஸ்அப்பில் ஒன்பது, ஒன்டிரைவில் ஆறு. மொத்தம் முப்பத்திரண்டு. மிச்சம் எட்டில் மூன்றைச் சுவரில் இருந்த பிரின்ட்டைப் பார்த்து மறுபடி வரைந்தார். ஐந்து போயே போய்விட்டன. அந்த ஐந்தும், அவர் யாருக்கும் அனுப்பாமல், பிரின்ட் எடுக்காமல், தானே வரைந்து தானே ஓட்டியவை. அதில் ஒன்று, அவர் தன் வாழ்நாளில் செய்ததிலேயே சிறந்தது என்று நினைக்கும் ஃபிக்ஸ்சர். "அதை யார்கிட்டயும் காட்டினதே இல்லை தம்பி, காப்பி அடிச்சிடுவாங்கன்னு" என்றார். அதைச் சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

லேப்டாப் இன்றுவரை கிடைக்கவில்லை.

இதைப் படிக்கும் நீங்கள் எதையும் விலை கொடுத்து வாங்க வேண்டாம். இன்று இரவு உங்கள் போனிலிருந்து உங்கள் கிளவுட் கணக்கைத் திறந்து, கோப்புகளைத் தேதிவாரியாக அடுக்குங்கள். முதல் கோப்பு இன்றைய தேதியில் இல்லாவிட்டால், அது எந்த நாளில் நின்றது என்று பாருங்கள். பிறகு, யாருக்கும் அனுப்பாத ஒரு கோப்பு உங்களிடம் இருக்குமே, உங்களுக்கு மட்டும் தெரிந்த அந்தக் கோப்பு, அதை உங்கள் முகவரிக்கே ஒரு மெயிலில் இணைத்து அனுப்பிவிட்டுத் தூங்குங்கள்.